38 ஆயிரம் வரிசை ஷீட்டில் Ctrl+↓ பாதியில் நிற்கிறது, Ctrl+End எங்கேயோ போகிறது

கார்த்திகா_வி
எல்லோருக்கும் வணக்கம். சரக்கு வரவு செலவு பதிவு ஒன்றை எக்ஸெலில் பார்க்கிறேன். A முதல் G வரை ஏழு நெடுவரிசை, கிட்டத்தட்ட 38 ஆயிரம் வரிசை. மவுஸால் உருட்டி உருட்டிக் கை வலித்ததால் கீபோர்டுக்கு மாறினேன். மூன்று விஷயம் புரியவில்லை.

ஒன்று, A2-வில் நின்று Ctrl+↓ அழுத்தினால் 21106-ஆவது வரிசையில் நிற்கிறது. தரவு அதற்குக் கீழேயும் இருக்கிறது. குறிப்பு எழுதும் D நெடுவரிசையில் இன்னும் மோசம், ஐந்தாறு வரிசைக்கு ஒருமுறை நிற்கிறது. இரண்டு, Ctrl+End அழுத்தினால் AB61250 என்ற செல்லுக்குப் போகிறது. அங்கே ஒன்றுமே இல்லை. மூன்று, Ctrl+Home என்றால் A1 என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்? எனக்கு B2-வுக்குப் போகிறது. ஃபைல் கெட்டுப்போய்விட்டதா?

வேகவிரல்
கெட்டெல்லாம் போகவில்லை மேடம். Ctrl+↓ இடைவெளி வந்தால் நின்றுவிடும், அது அப்படித்தான். நான் அதைத் தொடுவதே இல்லை, எப்போதும் Ctrl+End-தான். கடைசித் தரவுக்கு நேராகப் போய்விடும். அப்புறம் F5 அழுத்தி Enter கொடுத்தால் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிடலாம். இந்த இரண்டும் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

முத்து.லே
எனக்கும் இதே பிரச்சினை! அம்புக்குறியை அழுத்தினால் செல் நகராமல் ஷீட் மொத்தமும் நகர்கிறது. ஒரு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய_கணக்கர்
முத்து, உங்களுடையது வேறு கதை. Scroll Lock விழுந்திருக்கிறது. எக்ஸெலின் கீழ்ப்பட்டையில் Scroll Lock என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். லேப்டாப்பில் அந்த விசை இல்லாவிட்டால் விண்டோஸ் தேடலில் `osk` என்று தட்டித் திரைக் கீபோர்டைத் திறந்து, அதில் ScrLk-ஐ ஒரு தட்டு தட்டுங்கள்.

கார்த்திகா, இப்போது உங்களுக்கு. வேகவிரல் சொன்னதில் பாதி சரி, பாதிதான். முதலில் Ctrl+↓ என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். அது தரவின் முடிவைத் தேடுவதில்லை. நிரம்பிய செல்லும் காலிச் செல்லும் சந்திக்கும் விளிம்பைத் தேடுகிறது. நீங்கள் நிற்கும் செல்லும் அடுத்த செல்லும் நிரம்பியிருந்தால், அந்தத் தொடர் முடியும் கடைசி நிரம்பிய செல்லில் நிற்கும். அடுத்த செல் காலி என்றால், காலியைத் தாண்டி அடுத்துக் கண்ணில் படும் நிரம்பிய செல்லில் நிற்கும். கீழே எதுவுமே இல்லை என்றால் ஷீட்டின் அடியில், 1048576-ஆவது வரிசையில் போய் விழும்.

உங்கள் D நெடுவரிசையை எடுத்துக்கொள்வோம். D2 முதல் D6 வரை குறிப்பு இருக்கிறது, D7 முதல் D9 வரை காலி, D10-இல் மட்டும் ஒன்று, மறுபடி D13 வரை காலி, D14 முதல் D20 வரை குறிப்பு என்று வையுங்கள். D2-விலிருந்து முதல் அழுத்தலில் D6. இரண்டாவதில் D10. மூன்றாவதில் D14, ஏனென்றால் D10-க்கு அடுத்தது காலி. நான்காவதில் D20. நாலு தடவை அழுத்தி இருபது வரிசைகூடத் தாண்டவில்லை. இதே வேகத்தில் 38 ஆயிரத்துக்குப் போனால் அம்புக்குறி விசைதான் தேயும்.

அதனால் மேலிருந்து இறங்காதீர்கள், கீழிருந்து ஏறுங்கள். F5 அழுத்துங்கள், Reference பெட்டியில் `D1048576` என்று தட்டி Enter. ஷீட்டின் அடிக்குப் போய்விடுவீர்கள். அங்கிருந்து ஒரே ஒரு Ctrl+↑. நடுவில் எத்தனை ஓட்டை இருந்தாலும் கவலை இல்லை, கீழிருந்து வரும்போது முதலில் தட்டுப்படும் நிரம்பிய செல்தான் அந்த நெடுவரிசையின் கடைசிப் பதிவு.

நிரல்நேசன்
மேக்ரோ எழுதுகிறவர்கள் கடைசி வரிசையைக் கண்டுபிடிப்பதும் இதே வழியில்தான்:

```
lastRow = Cells(Rows.Count, "A").End(xlUp).Row
```

அடிக்குப் போய் Ctrl+↑ அழுத்துவதைத்தான் இந்த வரி செய்கிறது. `xlDown` போட்டு எழுதிய மேக்ரோ ஒன்று பழைய வேலையிடத்தில் ஒரு வருடம் ஓடியது. ஒருநாள் யாரோ நடுவில் ஒரு வரிசையைக் காலியாக விட்டார்கள், அன்றைக்கு அறிக்கையில் பாதிச் சரக்கைக் காணோம். அந்த மேக்ரோவை எழுதியது யார் என்று கேட்காதீர்கள்.

கார்த்திகா_வி
கணக்கர் ஐயா, செய்து பார்த்தேன். A நெடுவரிசையில் அடியிலிருந்து ஏறினால் A38412-இல் நிற்கிறது. D-யில் D38390. அருமை. ஆனால் A நெடுவரிசை வரிசை எண் போடும் இடம், அதில் ஓட்டையே இருக்கக் கூடாது. பிறகு ஏன் மேலிருந்து வந்தால் 21106-இல் நிற்கிறது?

பழைய_கணக்கர்
நல்ல கேள்வி. A38412-இல் நின்றபடியே இன்னொரு தடவை Ctrl+↑ அழுத்துங்கள். எங்கே நிற்கிறது?

கார்த்திகா_வி
A21108.

பழைய_கணக்கர்
அகப்பட்டது. மேலிருந்து வந்தால் 21106, கீழிருந்து வந்தால் 21108. நடுவில் இருக்கும் 21107-ஆவது வரிசையில் A காலி. ஓட்டையே இல்லாத நெடுவரிசையாக இருந்தால் A38412-இலிருந்து ஒரே தாவலில் A1 போயிருக்க வேண்டும். அந்த 21107-ஆவது வரிசையைப் பாருங்கள், G வரை முழுசும் காலியா, A மட்டும்தான் விட்டுப்போயிருக்கிறதா?

கார்த்திகா_வி
முழு வரிசையும் காலி. இரண்டு பேர் தனித்தனியாக வைத்திருந்த பதிவை ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினோம், அப்போது ஒரு வரிசை இடம் விட்டிருக்கிறார்கள் போல.

பழைய_கணக்கர்
அப்படியானால் ஒரு சங்கதி. தாவல் அங்கே நிற்பதோடு விவகாரம் முடியவில்லை. முழுசும் காலியான வரிசையைத் தரவின் முடிவு என்றே எக்ஸெல் எடுத்துக்கொள்ளும். தரவுக்குள் நின்று Ctrl+A அழுத்தினால் 21106 வரைதான் பிடிக்கும். ஒரே ஒரு செல்லில் நின்று வரிசைப்படுத்தினாலும், ஃபில்டர் போட்டாலும் அதே எல்லைதான். இந்த ஷீட்டை இதற்குமுன் வரிசைப்படுத்தினீர்களா?

கார்த்திகா_வி
ஐயோ. போன வாரம் தேதி வாரியாக வரிசைப்படுத்தினேன். மேல் பாதி ஒழுங்காக இருக்கிறது, கீழ் பாதி பழைய வரிசையிலேயே கிடக்கிறது. இப்போதுதான் கவனிக்கிறேன். "ஏன் தேதி மறுபடி ஜனவரியிலிருந்து ஆரம்பிக்கிறது" என்று ஒருவர் கேட்டார். நான் அவரைத்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பழைய_கணக்கர்
ஒவ்வொரு வரிசையும் உள்ளுக்குள் முழுசாகத்தான் இருக்கிறது, பாதிப் பட்டியல் மட்டும்தான் இடம் மாறியிருக்கிறது. அதனால் பெரிய சேதம் இல்லை. 21107-ஆவது வரிசையில் ஒரு செல்லில் நின்று Shift+Space அழுத்தி வரிசையைத் தேர்ந்தெடுங்கள், Ctrl+கழித்தல் குறி கொடுத்து நீக்குங்கள். இப்போது கடைசி வரிசை 38411 ஆகும். A2-விலிருந்து Ctrl+↓ நேரே A38411 போகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி வரிசைப்படுத்துங்கள். அந்த நண்பரிடம் என்ன சொல்வது என்பது உங்கள் பாடு.

சுந்தரி_தரவு
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் ஷீட்டில் நேர்மாறாக நடக்கிறது. E நெடுவரிசை பார்க்கப் பாதிக்குமேல் காலி, ஆனால் Ctrl+↓ அழுத்தினால் எங்கேயும் நிற்காமல் அடி வரை ஓடுகிறது. அந்த நெடுவரிசையில் இருப்பது இப்படி ஒரு சூத்திரம்:

```
=IF(C2>100,"பார்","")
```

பழைய_கணக்கர்
காரணம் அந்தச் சூத்திரமேதான். கண்ணுக்குக் காலி, எக்ஸெலுக்குக் காலி இல்லை. செல்லில் சூத்திரம் உட்கார்ந்திருந்தால், அது `""` என்று வெறுமையைத் திருப்பித் தந்தாலும், தாவலைப் பொறுத்தவரை அந்தச் செல் நிரம்பியதுதான். சூத்திரத்தைத் தரவுக்கும் கீழே கொஞ்சம் அதிகமாக இழுத்து விட்டிருந்தால் அடியிலிருந்து ஏறும்போதும் ஏமாற்றும். தரவு 38 ஆயிரத்தில் முடிந்திருக்க, நீங்கள் 40 ஆயிரத்தில் போய் நிற்பீர்கள். ஆகவே கடைசி வரிசையைக் கையால் தட்டிய நெடுவரிசையில் பாருங்கள், சூத்திர நெடுவரிசையில் பார்க்காதீர்கள்.

சுந்தரி_தரவு
இல்லை ஐயா, சூத்திரத்தை எடுத்துவிட்டு மதிப்பாக மட்டும் ஒட்டிவிட்டேன். இப்போது சூத்திரமும் இல்லை. இருந்தும் ஓடுகிறது!

நிரல்நேசன்
அது இன்னும் வேடிக்கையான பேய். மதிப்பாக ஒட்டினாலும் அந்தச் செல்லில் நீளமே இல்லாத ஒரு எழுத்துச்சரம் தங்கிவிடும். பக்கத்தில் ஒரு காலிச் செல்லில் `=ISBLANK(E7)` போட்டுப் பாருங்கள், FALSE வரும். `=LEN(E7)` போட்டால் 0. LEN 1 என்று வந்தால் யாரோ ஸ்பேஸ் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், அது வேறு வகைப் பேய்.

ஓட்டுவதற்கு வழி: அந்த நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, Data தாவலில் Text to Columns திறந்து, எதையும் மாற்றாமல் Finish அழுத்துங்கள். நீளம் 0 இருந்தவை நிஜமாகவே காலியாகிவிடும். ஒரு எச்சரிக்கை: 00123 மாதிரி எழுத்தாக வைத்திருந்த குறியீடுகள் இதில் எண்ணாக மாறி முன்னால் இருக்கும் பூஜ்யத்தை இழந்துவிடும். முன்பு அதே ஷீட்டில் Text to Columns-ஐ வேறு எதற்காவது பயன்படுத்தியிருந்தால் அந்தப் பழைய அமைப்பும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிரதி எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

சுந்தரி_தரவு
LEN 0-தான் வந்தது. Finish அழுத்தியதும் இப்போது ஒழுங்காக நின்று நின்று போகிறது. நன்றி சார்.

வேகவிரல்
சரி, ஆனால் இவ்வளவு சுற்று எதற்கு? Ctrl+End ஒன்றே போதும் என்றுதான் நான் இன்னும் சொல்வேன். என் ஷீட்டில் ஒருநாளும் தப்பியதில்லை.

பழைய_கணக்கர்
உங்கள் ஷீட் சுத்தமாக இருப்பதால் தப்பவில்லை. Ctrl+End தரவின் கடைசி செல்லுக்குப் போவதில்லை தம்பி. இதுவரை பயன்பட்டதாக எக்ஸெல் நினைக்கும் கடைசி வரிசையும் கடைசி நெடுவரிசையும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குப் போகிறது. கட்டம் வரைந்தது, நிறம் பூசியது, எழுதி அழித்தது எல்லாம் அதில் சேர்த்தி. கார்த்திகாவின் AB61250-ஐப் பார்த்தால், யாரோ முன்யோசனையோடு அறுபதாயிரத்துச் சொச்சம் வரிசைக்கும் கட்டம் வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அந்தச் செல்லில் தரவு இருக்க வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை. வரிசை ஒரு மூலையில், நெடுவரிசை இன்னொரு மூலையில் என்று வந்திருக்கலாம்.

சுத்தம் செய்ய Delete விசை உதவாது, அது உள்ளிருப்பதை மட்டும்தான் துடைக்கும், கட்டம் அப்படியே இருக்கும். வரிசையையே நீக்க வேண்டும். கார்த்திகா, காலி வரிசையை எடுத்துவிட்டீர்கள் அல்லவா, இனி F5-இல் `38412:1048576` என்று தட்டி Enter கொடுத்தால் தரவுக்குக் கீழே உள்ள எல்லா வரிசையும் தேர்வாகும். Ctrl+கழித்தல் குறி. அப்புறம் F5-இல் `H:XFD`, மறுபடி Ctrl+கழித்தல் குறி. சேமியுங்கள். சேமித்த பிறகுதான் எக்ஸெல் அந்தக் கடைசி இடத்தை மறுபடி கணக்கிடும், அதனால் நீக்கிய உடனே சோதித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று எழுதாதீர்கள்.

கார்த்திகா_வி
எழுதப் போனேன், நல்லவேளை கடைசி வரியைப் படித்தேன். சேமித்ததும் Ctrl+End இப்போது G38411. ஃபைலும் இளைத்துவிட்டது, திறக்கும்போது முன்பு போல் திணறவில்லை. மூன்றாவது கேள்வி மட்டும் பாக்கி, அந்த Ctrl+Home.

மவுஸ்_மன்னன்
Freeze Panes போட்டிருக்கிறீர்கள். முதல் வரிசையும் A நெடுவரிசையும் உறைந்திருந்தால், உறையாத பகுதியின் முதல் செல்தான் Ctrl+Home-க்கு வீடு, அதாவது B2. பெரும்பாலும் அதுவே நல்லது, தலைப்பில் போய் நின்று என்ன செய்யப் போகிறோம்? A1-தான் வேண்டும் என்றால் F5, `A1`, Enter.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லையே. செல்லின் கீழ் விளிம்பில் மவுஸை வைத்து இரட்டைக் கிளிக் செய்தால் Ctrl+↓ செய்வதையே செய்யும். கீபோர்டு வெறியர்கள் மன்னிக்க வேண்டும்.

பழைய_கணக்கர்
அது பலருக்குத் தெரியாமலேயே நடப்பது. செல்லுக்குள் திருத்தப் போய் விளிம்பில் கிளிக் விழுந்து, "எங்கே இருக்கிறேன்" என்று முழிப்பார்கள்.

திரும்பி வருவது பற்றி ஒரு திருத்தம். F5, Enter கொடுத்தால் கிளம்பிய இடத்துக்கு வரலாம் என்று வேகவிரல் சொன்னது, F5 வழியாகவே போயிருந்தால்தான் உண்மை. அப்போது Reference பெட்டியில் பழைய முகவரி தானாக வந்து நிற்கும். Ctrl+↓ அழுத்திப் போன பயணத்தை அது குறித்து வைப்பதில்லை. D15220-இல் வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள், கடைசி வரிசையைப் பார்க்க வேண்டும். F5-இல் `D1048576` கொடுத்துப் போய், Ctrl+↑ அழுத்திப் பார்த்துவிட்டு, மறுபடி F5, Enter. D15220-க்கே வந்துவிடுவீர்கள். அடியிலிருந்து ஏறும் வழியை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம், திரும்பும் சீட்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம்.

வேகவிரல்
அட, அதனால்தான் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் சம்பந்தமே இல்லாத இடத்துக்குப் போகும். மூடிவிட்டுத் திறந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுந்தரி_தரவு
நான் ஒன்று சொல்லலாமா? Ctrl+Shift+↓ கொடுத்து நீளமாகத் தேர்வு செய்ததும் திரை அடிக்குப் போய்விடும், மேலே எங்கே ஆரம்பித்தோம் என்று பார்க்க உருட்டினால் நேரம் போகும், அம்புக்குறியைத் தொட்டால் தேர்வே போய்விடும். அப்போது Ctrl+Backspace. தேர்வு கலையாமல் திரை மட்டும் ஆரம்பித்த செல்லுக்குத் திரும்பும். Ctrl+புள்ளி கொடுத்தால் தேர்வின் மூலைகளுக்கு மாறி மாறிப் போகலாம், எது வரை பிடித்திருக்கிறோம் என்று பார்க்க வசதி.

கார்த்திகா_வி
Ctrl+Backspace! இதற்காகத்தான் இத்தனை நாள் உருட்டிக்கொண்டிருந்தேன்.

பழையஃபைல்_பாண்டி
எனக்கு F5-இல் `A1048576` கொடுத்தால் முகவரி செல்லாது என்று திட்டுகிறது. என்ன தவறு?

நிரல்நேசன்
தலைப்பில் Compatibility Mode என்று இருக்கிறதா? .xls ஃபைலாக இருக்கும். அந்தப் பழைய வடிவத்தில் 65536 வரிசைதான், நெடுவரிசை IV வரைதான். `A65536` கொடுங்கள். எண்ணை மனப்பாடம் செய்ய விருப்பமில்லை என்றால், வலப்பக்கம் எட்டிப்போய் ஒரு காலி நெடுவரிசையில் Ctrl+↓ அழுத்தினால் அடி வந்துவிடும், பிறகு உங்கள் நெடுவரிசைக்கு நகர்ந்து Ctrl+↑.

பழைய_கணக்கர்
கீழிருந்து ஏறுவதிலும் ஒரு பொறி உண்டு, முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஃபில்டர் போட்டு வரிசைகள் மறைந்திருந்தால் தாவல் மறைந்தவற்றைக் கண்டுகொள்ளாது. கடைசி வரிசை மறைந்திருந்தால் கண்ணில் தெரியும் கடைசி வரிசையில் நிற்பீர்கள், அதற்குக் கீழே புதிதாக எழுதப் போவீர்கள். இடப்பக்கம் வரிசை எண்கள் நீல நிறத்தில் இருந்தால் ஃபில்டர் ஓடுகிறது என்று அர்த்தம், எடுத்துவிட்டு ஏறுங்கள். அதே போல் தரவுக்கு அடியில் கூட்டுத்தொகையோ "சரிபார்த்தேன்" என்ற குறிப்போ இருந்தால் அதில்தான் நிற்கும்.

மவுஸ்_மன்னன்
இதற்குத்தான் கூட்டுத்தொகையை மேலே தலைப்புக்கு மேல் போடச் சொல்வேன்.

பழைய_கணக்கர்
அதில் நான் உடன்பட மாட்டேன். தலைப்புக்கு மேல் ஏதாவது இருந்தால் ஃபில்டரும் வரிசைப்படுத்தலும் தலைப்பு எது என்று குழம்பும். தனி ஷீட்டில் போடுங்கள்.

மவுஸ்_மன்னன்
நடுவில் ஒரு காலி வரிசை விட்டால் குழம்பாது. இப்போதுதானே நீங்களே சொன்னீர்கள், காலி வரிசைதான் எல்லை என்று!

முத்து.லே
Scroll Lock-தான் ஐயா. `osk`-இல் தட்டியதும் சரியாகிவிட்டது. ஆனால் பக்கத்து மேசைக் கணினியில் இன்னொன்று. அங்கே Ctrl+→ அழுத்தினால் தரவின் விளிம்புக்குப் போகாமல் ஒரு திரை அளவு மட்டும் வலப்பக்கம் நகர்கிறது. அதில் Scroll Lock இல்லை, பார்த்துவிட்டேன்.

நிரல்நேசன்
File, Options, Advanced போய் அடிவரை இறங்குங்கள். Lotus compatibility என்ற தலைப்பின் கீழ் Transition navigation keys என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் இருந்தால் பழைய லோட்டஸ் பழக்கத்துக்கு விசைகள் மாறிவிடும், Ctrl+→ பக்கம் பக்கமாகத்தான் நகரும். Home மட்டும் அழுத்தினாலே A1 போகிறதா என்றும் பாருங்கள், போனால் இதுதான் என்பது என் ஊகம்.

முத்து.லே
அந்தக் கணினிக்காரர் விடுமுறையில் இருக்கிறார், கடவுச்சொல் யாரிடமும் இல்லை. திங்கள்கிழமை பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை End விசையைத் தட்டி விட்டுப் பிறகு → தட்டினால் விளிம்புக்குப் போகிறது என்று அவரே எப்போதோ சொன்னதாக இன்னொருவர் சொல்கிறார்.

பழைய_கணக்கர்
உங்கள் கணினியிலும் அது வேலை செய்யும். End தட்டியதும் கீழ்ப்பட்டையில் End Mode என்று வரும், அடுத்த அம்புக்குறி தாவலாகிவிடும். ஒற்றைக் கையில் டீ டம்ளரோடு வேலை பார்க்கிறவர்களுக்கு உகந்தது. திங்கள்கிழமை அந்தப் பெட்டியில் டிக் இருந்ததா என்று மறக்காமல் எழுதுங்கள்.